36,000 பேஸ்லிப்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

மாதக் கடைசி நாள், காலை 10 மணி. பல நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஓர் இணையச் சேவையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் வாடிக்கையாளர்களில் ஒன்று, 36,000 பேர் வேலை பார்க்கும் பெரிய நிறுவனம். அங்கே கணக்குப் பிரிவில் இருப்பவர் எல்லோருக்கும் பேஸ்லிப் தயாரிக்கச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்துகிறார். 36,000 வேலைகள் வரிசையில் வந்து நிற்கின்றன. இரண்டு நிமிடம் கழித்து, 40 ஆசிரியர்கள் உள்ள ஒரு பள்ளியிலும் அதே பொத்தான் அழுத்தப்படுகிறது.

இந்த வேலைகளைப் பின்னணியில் செய்து முடிப்பவை ‘வொர்க்கர்’ எனப்படும் நிரல்கள். ஒவ்வொன்றும் வரிசையிலிருந்து ஒரு வேலையை எடுக்கும், முடிக்கும், அடுத்ததை எடுக்கும். நம் சேவையில் 10 வொர்க்கர்கள் இருக்கின்றன, ஒரு பேஸ்லிப்புக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 10 பேஸ்லிப். பெரிய நிறுவனத்தின் வேலை முடிய ஒரு மணி நேரம். பள்ளி வரிசையில் சேரும்போது அதற்கு முன்னால் இன்னும் 34,800 வேலைகள் நிற்கின்றன. ஆகவே பள்ளியின் முதல் பேஸ்லிப் 11 மணிக்குத்தான் வரும். நாற்பது நொடிக்கு உரிய வேலை, அதையும் பத்துப் பேர் பகிர்ந்து செய்தால் நான்கே நொடி. காத்திருப்பதோ 58 நிமிடம்.

இந்தச் சேவையில் எதுவும் பழுதாகவில்லை. சர்வர் நன்றாக ஓடுகிறது, வொர்க்கர்கள் ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. முந்தி வந்தவருக்கு முதலில் என்ற, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் விதிதான் பள்ளியை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தது. பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றும் மருந்து, வொர்க்கர்களைக் கூட்டுவது. இருபதாக்கிப் பாருங்கள்: பள்ளி 28 நிமிடம் காத்திருக்கும். செலவு இரட்டிப்பு, நான்கு நொடி வேலைக்கு அரை மணி நேரம் என்பது அப்போதும் அபத்தம்தான்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இதன் விடை தெரியும். ஐந்நூறு பக்க ஆய்வேட்டை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது ஆதார் அட்டையோடு ஒருவர் வந்தால், நடுவில் அதை ஓட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஆய்வேட்டுக்குப் போவார். கணினியில் அதே காரியத்தைச் செய்ய, ஒரே வரிசையை உடைத்து வாடிக்கையாளருக்கு ஒரு வரிசை என்று ஆக்கவேண்டும். வேலை முடித்த வொர்க்கர் இந்த வரிசைகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வேலையை எடுக்கும். காலியாக இருக்கும் வரிசையைத் தாண்டிப் போகும்.

இப்போது கணக்கை மறுபடி போடலாம். 10:02-க்குப் பள்ளி வந்ததும் நொடிக்கு ஐந்து அதற்கு, ஐந்து பெரிய நிறுவனத்துக்கு. எட்டே நொடியில் பள்ளியின் நாற்பதும் முடிந்துவிடும். பெரிய நிறுவனம் இழந்தது என்ன? நாற்பது வேலைக்கான நேரம், அதாவது நான்கு நொடி. அது 11 மணிக்கு முடிவதற்குப் பதில் 11 மணி 4 நொடிக்கு முடியும். இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். பள்ளிக்குக் கிடைத்த லாபம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்காகப் பெரியவர் கொடுத்த விலையை அவர் உணரக்கூட மாட்டார்.

இந்த யோசனை பழையது. இணையம் குழந்தையாக இருந்த 1985-இல், ஃபோர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் ஆர்எஃப்சி 970 என்ற குறிப்பில் இதை எழுதினார். அவருடைய கவலை பேஸ்லிப் அல்ல, நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலங்கள். அவர் பார்த்த விதம் சுவையானது: ஒரே வரிசை இருக்கும்வரை அதிகமாகத் திணிப்பவனுக்கு அதிகமாகக் கிடைக்கும், ஆகவே எல்லோரும் திணிக்கத்தான் பார்ப்பார்கள். அனுப்புகிறவருக்கு ஒரு வரிசை என்று பிரித்துச் சுற்று முறையில் எடுத்தால், திணிப்பவன் தன் வரிசையையே நீளமாக்கிக்கொள்கிறான், அவ்வளவுதான். திணிப்பதில் லாபம் போய்விடுகிறது.

நேகிளின் முறையில் ஓர் ஓட்டை உண்டு. அது வேலைகளை எண்ணுகிறது, அளப்பதில்லை. பேஸ்லிப்புக்கு ஒரு நொடி. ஆனால் இன்னொரு வாடிக்கையாளர் கேட்பது பத்து நொடி பிடிக்கும் ஆண்டு அறிக்கைகள். ஆளுக்கொரு முறை என்றால் அவருக்குப் பத்து மடங்கு நேரம் போகும். நெட்வொர்க்கிலும் இதே சிக்கல்தான், அங்கே பெரிய பொட்டலம், சிறிய பொட்டலம். அதற்கு எளிய தீர்வாக எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் 1995-இல் ‘டெஃபிசிட் ரவுண்ட் ராபின்’ என்ற முறையைத் தந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே அளவு வரவு வைக்கப்படும், நம் கணக்கில் இரண்டு நொடி என்போம். பேஸ்லிப் வரிசை அந்தச் சுற்றிலேயே இரண்டு வேலையை முடித்துக்கொள்ளும். அறிக்கை வரிசை ஐந்து சுற்று வரவு சேர்ந்த பிறகுதான் ஒன்றை எடுக்கும். எண்ணிக்கை வேறானாலும் இருவருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்று.

அந்த முறையில் கவனிக்கவேண்டிய சிறு விதி ஒன்று இருக்கிறது: வரிசை காலியானால் மிச்ச வரவும் அழிந்துபோகும். சேர்த்துவைத்துக்கொண்டு பிறகு மொத்தமாகச் செலவழிக்க முடியாது. இதைத் தவறவிட்டு மாட்டிக்கொள்வது எளிது. ‘இதுவரை குறைவாகப் பயன்படுத்தியவருக்கு அடுத்த முறை’ என்று மட்டும் எழுதிவிட்டால், இன்று புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளரின் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். மற்றவர்கள் மாதக்கணக்கில் பயன்படுத்தியதை அவர் எட்டும்வரை எல்லா வொர்க்கரும் அவருக்கே உழைக்கும். நியாயத்துக்காக எழுதிய நிரலே பழைய வியாதியை வேறு ஆளின் பெயரில் கொண்டுவந்துவிடும். புதிதாக வருபவரை, அப்போது காத்திருப்பவர்களில் குறைவாகப் பயன்படுத்தியவரின் அளவிலிருந்து தொடங்கவைப்பதே சரி.

சிலர் இவ்வளவு தூரம் போகாமல், ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு வொர்க்கருக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு போட்டுவிடுவார்கள். எழுதச் சுலபம். ஆனால் இரவு 12 மணிக்கு வேறு யாருமே இல்லாதபோது பெரிய நிறுவனம் பொத்தானை அழுத்தினால் எட்டு வொர்க்கர்கள் வேடிக்கை பார்க்கும். ஒரு மணி நேர வேலை ஐந்து மணி நேரமாகும். யாருக்கும் உதவாத கட்டுப்பாடு அது. சுற்று முறையில் இந்த இழப்பு இல்லை. மற்ற வரிசைகள் காலியென்றால் பத்தும் ஒருவருக்கே போகும், வேறொருவர் வந்ததும் பங்கு தானாகப் பிரியும்.

ஆனாலும் உச்சவரம்புக்கு ஓர் இடம் உண்டு. ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் ஒருவர் அப்படிப் பத்து வேலைகளைத் தருகிறார்; பத்து வொர்க்கரும் எடுத்துக்கொள்கின்றன. அடுத்த நொடி பள்ளி வருகிறது. வரிசையில் அதுதான் முதலில், ஆனால் எடுக்க ஆள் இல்லை. கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடத் தெரியாத வொர்க்கர்களிடம் எந்தச் சுற்று முறையும் பலிக்காது. நீண்ட வேலையைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு வரிசைக்குத் திரும்பவைப்பது நல்ல வழி. வெட்ட முடியாத வேலை என்றால், யாராக இருந்தாலும் பத்தில் எட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று வைத்து, இரண்டைக் காலியாக விட்டுவைக்கலாம். கொஞ்சம் வீண்தான், தெரிந்தே ஏற்கும் வீண்.

நம் சேவையில் கோளாறு இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சராசரிக் காத்திருப்பு நேரத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 10:02-க்கு ஒரு பள்ளிக்குப் பதில் 60 சிறு வாடிக்கையாளர்கள், ஆளுக்கு 40 வேலையோடு வருகிறார்கள் என்று வையுங்கள். ஒரே வரிசையில் அவர்கள் எல்லோரும் 11 மணிக்கு மேல், 11:04-க்குள் முடிப்பார்கள். சுற்று முறையிலோ 10:06 தாண்டிச் சில நொடிகளில் அறுபது பேரும் முடித்துவிடுவார்கள். பெரிய நிறுவனம் 11:04-க்கு முடிக்கும். இப்போது எல்லா வேலைகளின் சராசரிக் காத்திருப்பைக் கணக்கிட்டால் முதல் முறையில் சுமார் 32 நிமிடம், இரண்டாவதிலும் சுமார் 32 நிமிடம்! வேலையின் மொத்த அளவும் வேகமும் மாறாததால் சராசரி நகரவே இல்லை. சர்வர் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், மாற்றத்தால் பயனில்லை என்று சொல்லிவிடுவார். கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்? முன்பு 61, இப்போது ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் ஆகப் பழைய வேலை எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதைத் தனித்தனியாகக் காட்டினால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

அமேசான் தன் எஸ்கியூஎஸ் வரிசைச் சேவையில் 2025-இல் இந்த வசதியைச் சேர்த்தது. ஒவ்வொரு வேலையிலும் அது யாருடையது என்று ஓர் அடையாளம் எழுதி அனுப்பவேண்டும். ஒருவருடைய வேலைகள் வொர்க்கர்களின் கையில் அளவுக்கு மீறிக் குவிந்தால், சேவை மற்றவர்களின் வேலையை முன்னே தள்ளிக்கொடுக்கும். அந்த அடையாளத்தை எப்படி வைப்பது என்பதை மட்டும் எந்தச் சேவையும் நமக்காக முடிவுசெய்து தராது. ஒரே நிறுவனம் ஐந்து கிளைகளுக்கு ஐந்து கணக்கு வைத்திருந்தால் அது ஐந்து பங்கா, ஒரு பங்கா? பணம் கட்டுவது யார் என்பதைப் பார்த்துப் பிரிப்பது பெரும்பாலும் சரியாக வரும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நொடிக்கு 10 செய்யும் இடத்தில் நாள் முழுக்க நொடிக்கு 12 வந்துகொண்டிருந்தால், எப்படிப் பங்கிட்டாலும் குவியல் வளர்ந்துகொண்டேதான் போகும். அப்போது வொர்க்கர்களைக் கூட்டவேண்டும், அல்லது வாசலிலேயே ‘இப்போது ஏற்க இயலாது’ என்று சொல்லவேண்டும். பங்கீடு செய்வதெல்லாம், அந்தக் குவியல் அதை உண்டாக்கியவரின் வரிசையில் மட்டும் வளரும்படி பார்த்துக்கொள்வதுதான்.

பெரிய நிறுவனத்துக்கே இதில் ஒரு குறை மிஞ்சும். 10:20-க்கு அவர்களில் ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் தவறு என்று தெரிகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் திருத்தி, அந்த ஒரு பேஸ்லிப்பை மட்டும் மறுபடி தயாரிக்கச் சொல்கிறார். அது அவர்களுடைய சொந்தக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று, 11 மணி தாண்டித்தான் வரும். இதற்கும் அதே வேலையை ஒரு படி உள்ளே செய்யவேண்டும்: அந்த வாடிக்கையாளரின் பங்குக்குள்ளேயே மொத்தமாகக் கேட்டவைக்கு ஒரு வரிசை, ஒவ்வொன்றாகக் கையால் கேட்டவைக்கு ஒரு வரிசை, இரண்டிலிருந்தும் மாறிமாறி எடுப்பது. இப்படிச் செய்தால் திருத்திய பேஸ்லிப் இரண்டொரு நொடியில் அவர் திரைக்கு வந்துவிடும்.