உங்களுக்குத் தெரியுமா? படகுக்காக வந்த நுரைச் செருப்பு

பலரும் ‘கிராக்ஸ்’ என்று சொல்லும் ஓட்டைபோட்ட செருப்பு, 2002இல் அமெரிக்காவில் படகோட்டிகளுக்காக விற்பனைக்கு வந்தது. இந்த வகைச் செருப்புகள் பெரும்பாலும் இ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிட்டேட்) நுரையில் வார்க்கப்படுகின்றன. நுரைக்குள் ஒன்றோடொன்று சேராத கோடிக்கணக்கான காற்றுக்குமிழிகள் இருப்பதால் அது தண்ணீரைக் குடிக்காது, தண்ணீரில் மிதக்கும். ஒரு ஜோடி அரைக் கிலோகூட இருக்காது.

நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவர்களுக்கு அந்த மெத்தென்ற குதிகால் பெரிய ஆறுதல். ஆனால் அதே குமிழிகள் மாதக்கணக்கில் எடை தாங்கித் தட்டையாகிவிடும். குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மரக்கட்டை போல இறுகியிருந்தால் மெத்தை போய்விட்டது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் செருப்பு சுருங்கி, ஒரு அளவு சிறிதாகிவிடுவதும் உண்டு.

பிடிப்புதான் இதன் பலவீனம். அடிப்பாகமும் வெறும் நுரையாக இருந்தால் எண்ணெய் படிந்த ஓட்டல் சமையலறைத் தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டிய, மேலே ஓட்டையில்லாத வகையே அங்கே சரி. கொதிக்கும் குழம்பு சிந்தினாலும் பாதத்தில் நேராக விழாது. ஊசி விழ வாய்ப்புள்ள மருத்துவமனை வார்டுக்கும் ஓட்டையில்லாததுதான் நல்லது. தோட்டவேலைக்குச் சாதாரண வகையே போதும். கட்டுமான இடத்துக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: ஆணி நுரையைச் சுலபமாகத் துளைத்துவிடும்.