காலியான பேட்டரியும் எரிந்துகொண்டிருந்த விளக்கும்

ஆரியசாலையில் அண்ணாச்சி ஒருவரின் மளிகைக் கடை. கூரையில் சிறிய சோலார் பலகை, பரணில் 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி. எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கு வைக்க ACS712 என்ற சென்சாரின் 20 ஆம்பியர் வகையை ஆர்டுயினோவோடு சேர்த்து மாட்டிக்கொடுத்தேன். பதினேழாம் நாள் அது பாதி பேட்டரி காலி என்றது. பலகையையும் விளக்கையும் கழற்றிச் சில மணிநேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.7 வோல்ட். பேட்டரி நிறைந்திருந்தது.

மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலம் மெல்லிய தகட்டில் ஓடும் மின்னூட்டங்களை ஒரு பக்கமாகத் தள்ள, குறுக்கே சிறு மின்னழுத்தம் எழும். 1879-இல் எட்வின் ஹால் தங்கத் தகட்டில் இதைக் கண்டார். நம் சென்சார் அதைப் பெருக்கித் தருகிறது: ஓட்டம் இல்லையென்றால் 2.5 வோல்ட், ஏறும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் 0.1 வோல்ட் கூடும், இறங்கினால் குறையும். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படிகளாக்கிப் படிப்பதால் ஒரு படி ஏறக்குறைய 0.05 ஆம்பியர்.

எண் எப்போதும் துள்ளிக்கொண்டே இருக்கும். அது இரைச்சல். நான் முதலில் பயந்தது அதற்குத்தான். அது வீண் பயம். மேலும் கீழுமாகத் துள்ளுவதால் ஆயிரம் அளவுகளின் சராசரியில் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்தத் துள்ளலால்தான் ஒரு படியைவிடவும் நுட்பமான அளவு கிடைக்கிறது.

```
long s = 0;
for (int i = 0; i < 1000; i++) s += analogRead(A0);
float I = (s / 1000.0 - zero) * 5.0 / 1024 / 0.100;
```

வினை `zero`-வில் இருந்தது. என் மேசையில், மின்விசிறியடியில் அதை 511.4 என்று குறித்திருந்தேன். பரண் சூட்டில் ஓட்டமே இல்லாதபோது வந்தது 510.4. ஒரே ஒரு படி. ஆனால் இது ஒரே பக்கமாகச் சாய்வதால் சராசரி இதைத் தொடவே தொடாது. இல்லாத 0.05 ஆம்பியர் இரவும் பகலும் செலவில் ஏறியது: நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பதினேழு நாளில் 20.

"தராசுல வெறும் தட்டை வச்சுப் பூஜ்யம் அழுத்துறோமே, அது மாதிரிதானா?" என்றார் அண்ணாச்சி. அதேதான், ஆனால் தராசு நிற்கும் இடத்திலேயே அழுத்த வேண்டும். சென்சார் பரணிலேயே சூடேறி நின்றபின், கம்பியைக் கழற்றிப் பூஜ்யத்தை மறுபடி எடுத்தேன். 0.05-க்குக் கீழ் வருவதையெல்லாம் பூஜ்யமாக்கிவிடலாம் என்றும் தோன்றியது. அப்படிச் செய்தால் சார்ஜ் கன்ட்ரோலர் இரவெல்லாம் உறிஞ்சும் சின்ன ஓட்டமும் கணக்கிலிருந்து மறைந்துபோகும். விட்டுவிட்டேன்.

சூடு மாறினால் பூஜ்யமும் மாறும். ஈய-அமில பேட்டரியில் ஏற்றியதெல்லாம் திரும்பியும் வராது. அதனால் நல்ல வெயில் நாளில் மின்னழுத்தம் 14.4-ஐத் தொட்டு, ஏறும் ஓட்டம் அரை ஆம்பியருக்குக் கீழே இறங்கிச் சிறிது நேரம் அங்கேயே நின்றால், பழைய கூட்டலை அழித்து 40 என்று எழுதச் செய்திருக்கிறேன். அடைமழையில் ஒரு வாரம் அந்தத் தருணம் வராவிட்டால், அந்த வாரக் கணக்கைவிட மல்டிமீட்டரையே அண்ணாச்சி நம்புகிறார்.