ஆயிரத்தைத் தாண்டாத சந்தா

அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்கு விற்கும் ஒரு செயலிக்கு இந்தியாவில் என்ன விலை வைப்பது? மாற்று விகிதத்தால் பெருக்கினால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 849 ரூபாய் 15 காசு வருகிறது. இந்தத் தொகையை யாரும் அப்படியே விலைப்பட்டியலில் போடுவதில்லை. அதை எந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்துவது என்பதில்தான் விலை வைப்பவரின் திறமை இருக்கிறது.

ஒன்பதில் முடியும் விலை நமக்குப் புதிதல்ல. பாட்டா செருப்புக் கடையின் 99 ரூபாய் 95 காசு விலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மனோஜ் தாமஸ், விக்கி மோர்விட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு தெளிவான விளக்கம் தந்தார்கள். நாம் எண்களை இடமிருந்து படிக்கிறோம். கடைசி இலக்கத்துக்குப் போய்ச் சேருமுன்பே, முதல் இலக்கத்தை வைத்து மனம் ஒரு மதிப்பீட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் 3.00-க்குப் பக்கத்தில் 2.99 நன்றாகவே மலிவாகத் தெரிகிறது. ஆனால் 3.60-க்குப் பக்கத்தில் 3.59 அப்படித் தெரிவதில்லை; அங்கே இடப்பக்க இலக்கம் மாறவில்லை. வித்தியாசம் இரண்டிலும் ஒரே ஒரு சென்ட்தான். சந்தா விலை வைப்பவர் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான்: ஒன்பதுக்கென்று தனி மந்திரம் இல்லை, இடப்பக்க இலக்கம் மாறும் எல்லைதான் முக்கியம்.

இனி நம் செயலிக்கு வருவோம். அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், பட்டியலில் உள்ள 9.99 டாலர் வரிக்கு முந்தைய விலை. இந்தியாவில் வாடிக்கையாளர் பார்க்கும் விலைக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடங்கியிருக்க வேண்டும். 849.15 ரூபாயை முதலில் 849 என்று அழகாக்கி, பிறகு வரியைச் சேர்த்தால் பணம் கட்டும் திரையில் 1,001 ரூபாய் 82 காசு தெரியும். இதைவிட மோசமான விலை இருக்க முடியாது. ஆயிரம் என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. தாண்டியதால் நிறுவனத்துக்குக் கிடைத்ததோ வெறும் சில்லறை.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் வரியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 1,002 ரூபாய் வரும். அதன் பிறகே ரவுண்ட் செய்து 999-இல் நிறுத்த வேண்டும். அதிலிருந்து வரியைப் பின்னோக்கிப் பிரித்தால் அடிப்படை விலை 846.61, வரி 152.39, மொத்தம் 999.00. ரசீதில் 846.61 என்பது கரடுமுரடாகத் தெரியலாம். ஆனால் அதைப் பார்த்து யாரும் சந்தா சேருவதில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படும் கடைசித் தொகைதான் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இங்கே பல நிறுவனங்கள் ‘எப்போதும் மேலே ரவுண்ட் செய்’ என்று ஒரு விதி வைத்துவிடுகின்றன. நஷ்டம் வரக்கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் அந்த விதி 1,002-ஐ 1,049 ஆக்கிவிடும். மூன்று ரூபாயை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான்கு இலக்க விலைக்குப் போவது தவறான கணக்கு என்பது என் உறுதியான கருத்து. அனுமதிக்கப்பட்ட விலைகளை ஏணிப்படிகள் போல முன்கூட்டியே எழுதிவைத்து, கணக்கில் வரும் தொகைக்கு அருகில் உள்ள படியைத் தேர்ந்தெடுப்பதே நல்ல முறை. நூறு ரூபாய்க்குக் கீழே 49, 59, 69, 79 என்று நெருக்கமான படிகள். ஆயிரத்தை ஒட்டி 949, 999, 1,049 என்று ஐம்பது ரூபாய் இடைவெளி. பத்தாயிரத்தை ஒட்டி 9,999, 10,499 என்று ஐந்நூறு ரூபாய் இடைவெளி. எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி வைத்தால் சின்ன விலைகள்தான் அடிபடும். கணக்கில் 124 ரூபாய் வரும் திட்டத்துக்கு 99, 149 என்ற இரண்டே படிகள் இருந்தால், எதற்குப் போனாலும் விலை இருபது சதவீதம் புரண்டுவிடும். அதனால் ரவுண்ட் செய்ததில் விலை ஐந்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால், அதை ஒரு மனிதர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்ற தடையும் தேவை.

ஜப்பானில் இந்தப் படிகளே வேறு. அங்கே கடைகளில் 980, 1,980 என்று எட்டை ஒட்டிய விலைகள்தான் அதிகம் கண்ணில் படும். டாலருக்கு 150 யென், 10 சதவீத நுகர்வு வரி என்று கணக்கிட்டால் நம் செயலிக்கு 1,648 யென் வரும். 1,680 அங்கே இயல்பாகப் பொருந்தும். இன்னொன்று, யென்னுக்குச் சில்லறை அலகு கிடையாது. ஸ்ட்ரைப் போன்ற கட்டண நிறுவனங்களுக்குத் தொகையை அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் அனுப்ப வேண்டும். டாலருக்கும் ரூபாய்க்கும் நூறால் பெருக்கிப் பழகிய நிரல், யென்னையும் நூறால் பெருக்கினால் வாடிக்கையாளர் அட்டையில் 1,68,000 யென் பிடிக்கப்படும். குவைத் தினார் இதற்கு நேரெதிர்: அதில் ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார் என்பதால் ஆயிரத்தால் பெருக்க வேண்டும்.

ஒரு விலையை மட்டும் சரிசெய்தால் போதாது. திட்டங்களுக்கு இடையே உள்ள உறவும் கெடக்கூடாது. நம் செயலியின் வருடச் சந்தா அமெரிக்காவில் 99.99 டாலர். மாதாமாதம் கட்டினால் 119.88 டாலர் ஆகும் என்பதால் ‘17 சதவீதம் சேமிப்பு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்தியாவில் வருடச் சந்தா கணக்கில் 10,029 ரூபாய் வரும். அதை 9,999-இல் நிறுத்தினால், மாதம் 999 கட்டுபவரின் 11,988 ரூபாயோடு ஒப்பிடும்போது சேமிப்பு அதே 17 சதவீதம். மாத விலையைக் கீழேயும் வருட விலையை மேலேயும் தனித்தனியே ரவுண்ட் செய்து 10,499 ஆக்கினால் சேமிப்பு 12 சதவீதமாகச் சுருங்கிவிடும். விளம்பர வாசகம் மட்டும் 17 என்றே நிற்கும். வாடிக்கையாளரிடம் சொல்லும் பொய் இது, யாரும் திட்டமிட்டுச் சொல்லாவிட்டாலும். ஆகவே சேமிப்புச் சதவீதத்தை ரவுண்ட் செய்த விலைகளிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மாற்று விகிதம் தினமும் அசையும். அதோடு விலையும் அசையக்கூடாது. டாலர் 88 ரூபாய் ஆனால் நம் கணக்கு 1,037 ரூபாயைக் காட்டும். அருகில் உள்ள படி 1,049. அடுத்த மாதம் ரூபாய் மீண்டால் திரும்பவும் 999. இப்படி ஆடும் விலையை யாரும் நம்ப மாட்டார்கள். 999-லேயே நின்றால் நிறுவனத்துக்கு வரி போக 9.62 டாலர் கிடைக்கிறது. நான்கு சதவீதம்கூடக் குறையவில்லை. வரவு பத்து சதவீதம் குறையும்வரை பொறுப்பது என்று முடிவு செய்தால், டாலர் 94 ரூபாயைத் தாண்டும்போதுதான் விலையைத் தொட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் மனவியலுக்கு அப்பாற்பட்ட ஓர் எல்லையும் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டை வழியே தானாகப் புதுப்பிக்கும் சந்தா 15,000 ரூபாய் வரை இருந்தால் முதல்முறை ஒப்புதல் தந்தால் போதும். அதன்பின் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு மட்டும் வரும். 15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும். வருடம் 149.99 டாலர் திட்டத்தை நம் விகிதத்தில் மாற்றினால் 15,044 ரூபாய். அதை 14,999-க்கு இறக்கினால் 45 ரூபாய் போகும். 15,499-க்கு ஏற்றினால், வருடா வருடம் ஓ.டி.பி. கேட்டு வரும் செய்தியைக் கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரின் சந்தாவும் அதோடு நின்றுவிடும்.