ஆறே செகண்ட்... ஒரு டீக்கடை, ஒரு வரி, ஒரு படம்!

யூடியூப்ல பாட்டு கேட்கப்போனா நடுவுல சட்டுனு ஒரு விளம்பரம் வந்து, 'ஸ்கிப்' பட்டனைத் தேடுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுதான் பம்பர் விளம்பரம். 2016-ல் யூடியூப் கொண்டுவந்தது. அதிகபட்சம் ஆறு செகண்ட். தாண்டினா பம்பரா ஏத்துக்காது.

தூத்துக்குடி பீச் ரோட்டுல, மீன்பிடித் துறைமுகம் பக்கத்துல ஒரு டீக்கடைன்னு வச்சுக்குவோம். அண்ணாச்சி எழுதிக் கொடுக்கிறது இப்படித்தான் இருக்கும்: "சுத்தமான பசும்பால், தரமான தேயிலை, சூடான வடை, அன்பான உபசரிப்பு. மீன்பிடித் துறைமுகம் அருகில். அனைவரும் வருக!" வாய்விட்டுப் படிச்சு, போன்ல நேரம் பாருங்க. எட்டு, ஒன்பது செகண்ட் ஆகும். வேகமா படிச்சா அடங்கும். ஆனா ஒண்ணும் காதுல நிக்காது.

நீளம்கூடப் பெரிய குத்தம் இல்லை. இதே வரியை எதிர்க்கடையும் போட்டுக்கலாமே! அதனால அண்ணாச்சிகிட்ட கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "பக்கத்துக் கடைக்காரர் சொல்ல முடியாத விஷயம் உங்ககிட்ட என்ன இருக்கு?" "நான் மூணு மணிக்கே பாய்லரைப் பத்தவச்சிருவேன். கடலுக்குப் போறவங்க என் டீயைக் குடிச்சிட்டுத்தான் போவாங்க"ன்னு அவர் சொன்னா, விளம்பரம் கிடைச்சாச்சு.

வரி: "ஊரு உறங்குது. நம்ம பாய்லர் முழிச்சிட்டு."

அஞ்சே வார்த்தை, நிதானமா சொன்னாலும் மூணு செகண்ட். 'முழிச்சிருச்சு'ன்னு எழுதிடாதீங்க, அது மதுரைப்பக்கம். பஸ் 'வந்துட்டு'ன்னு சொல்ற ஊருக்கு 'முழிச்சிட்டு'தான் சரி.

இனி படம். இருட்டுல மூடின கடைகளைக் காட்டத் தோணும். வேண்டாம், ஊரு உறங்குறதை வரியே சொல்லிடுச்சு. யாருக்காக முழிச்சிருக்குன்னு படம் சொல்லணும். தோள்ல வலையோட ஒருத்தர் கை நீட்டுறார். கிளாஸ் கைக்கு வருது. அவ்வளவுதான். கேமரா அசையக் கூடாது. பின்னாடி இருட்டும், ஆவிக்குப் பின்பக்கத்துல இருந்து ஒரு பல்பு வெளிச்சமும் இருந்தாத்தான் டீயில ஆவி பறக்கிறது தெரியும். முன்னாடி லைட் அடிச்சா ஆவி காணாமப் போயிடும்.

கடைப் பேரை வரியில சேர்க்காதீங்க. படத்துலயே போர்டு தெரியட்டும், போன்ல படிக்கிற அளவுக்குப் பெருசா. குரல் அரை செகண்ட் கழிச்சு ஆரம்பிச்சு மூணரைல முடியணும். மிச்ச ரெண்டரை செகண்ட் போர்டுக்கும் கிளாஸுக்கும். எடிட் பண்றவர் ஆரம்பத்துலயும் முடிவுலயும் கறுப்புத்திரை வச்சா ஒரு செகண்ட் போச்சு. தடுத்துடுங்க.

முடிச்சதும் கடையை அறியாத ஒருத்தருக்குச் சத்தம் இல்லாம ஒரே தடவை காட்டுங்க. "எந்தக் கடை?"ன்னு கேட்டா பேரைச் சொல்லணும். "டீ விளம்பரம்"னு மட்டும் சொன்னா போர்டு சின்னதா இருக்குன்னு அர்த்தம்.

காசு, ஆயிரம் தடவை காட்டுறதுக்கு இவ்வளவுங்கிற கணக்குல போகும். அதனால கடையைச் சுத்திச் சில கிலோமீட்டருக்குள்ள மட்டும் காட்டச் சொல்லி வைங்க. மெட்ராஸ்ல இருக்கிறவர் பார்த்து என்ன செய்ய? விலை, வடை, போன் நம்பர் எதுக்கும் இதுல இடம் இல்லை. அதையெல்லாம் கடை வாசல் போர்டுல எழுதிக்கலாம், அண்ணாச்சி.