ஆறு மணி நேரம் என்றார்கள்

கிளாம்பாக்கத்தில் இரவு 11 மணிக்கு ஏறினால் விடியற்காலை 5 மணிக்கு மாட்டுத்தாவணி. ‘ஆறே மணி நேரத்தில் மதுரை’ என்று விளம்பரம் செய்த ஆம்னி பஸ், காலை 8.40-க்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஊர் போய்ச் சேர்ந்த கோபத்தோடு பெரும்பாலானோர் எழுதும் புகார், ‘பஸ் மூன்று மணி நாற்பது நிமிடம் லேட்’ என்பதுதான். கம்பெனிக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம். செங்கல்பட்டு வரை டிராஃபிக், டோல்கேட்டில் கூட்டம், நாங்கள் என்ன செய்வது என்பார்கள். டிக்கெட்டின் கீழே ‘தாமதத்துக்குப் பொறுப்பல்ல’ என்ற பொடி எழுத்தையும் காட்டுவார்கள்.

ஆகவே, தாமதத்தைவிட அந்த ‘ஆறு மணி நேரத்தை’ப் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். தூரம் சுமார் 430 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு நிறுத்தும் அரை மணியைக் கழித்தால் ஓட ஐந்தரை மணி நேரம்தான். சராசரி 78 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பஸ்ஸின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ 80-ஐத் தாண்ட விடக் கூடாது. வழியில் ஒரு டோல்கேட்கூட இல்லாதிருந்தால்தான் இது நடக்கும். சாலை காலியாக இருந்தாலும் காப்பாற்ற முடியாத வாக்கை விற்றிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தையும் சேவைக் குறைபாட்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. கடிதத்திலும் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“தங்கள் விளம்பரத்தில் 6 மணி நேரம் என்றும், டிக்கெட்டில் 5.00 மணிக்குச் சேரும் என்றும் உள்ளது. பஸ் 11.50-க்குத்தான் புறப்பட்டது. பார்சல் ஏற்ற 25 நிமிடம், மோட்டலில் 50 நிமிடம் நின்றது. 8.40-க்கு இறங்கினேன். கட்டணத்தில் பாதியை 15 நாளுக்குள் திருப்பித் தரக் கோருகிறேன்.”

திட்டு இல்லை, நேரம் மட்டும். பார்சலும் மோட்டலும் டிராஃபிக் அல்லவே! இறங்கியதும் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அது ‘எட்டு மணி நேரம்’ என்று மாறிவிடும். மோட்டல் பில்லிலும், வீட்டுக்கு அனுப்பிய ‘இன்னும் திருச்சியே வரலை’ என்ற வாட்ஸ்அப் செய்தியிலும் நேரம் பதிந்திருக்கும். அவையும் சாட்சிதான்.

டிக்கெட் ஆப் வழியாக எடுத்திருந்தால் கடிதத்தை இருவருக்கும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று ஆப்காரர் பஸ்காரரைக் கைகாட்டுவார். அவர் இவரைக் காட்டுவார். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால், இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பஸ் கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டாம். டிக்கெட் கட்டண அளவுள்ள வழக்குக்கு மனுக் கட்டணமும் கிடையாது.