விழுந்துகொண்டே காலை உடைத்துக்கொண்டவன்

"அவன் விழுந்துகொண்டே காலை உடைத்துக்கொண்டான்." பிரெஞ்சு படிக்கும் ஒருவர் எழுதிக் காட்டிய மொழிபெயர்ப்பு இது. மூலம்: "இல் ஸே காஸே லா ஜாம்ப் ஆன் தோம்பான்." மாடியிலிருந்து சாவகாசமாக விழுந்தபடியே பாதி வழியில் காலை முறித்துக்கொள்ளும் ஓர் ஆளை நினைத்துச் சிரித்துவிட்டேன். 'ஆன்' வந்தால் 'கொண்டே' போடு என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வடிவத்துக்கு 'ழெரோந்தீஃப்' என்று பெயர். செய்வது எளிது. 'நூ' (நாங்கள்) என்பதோடு வரும் நிகழ்கால வினையை எடுத்து, கடைசி 'ஓன்' ஒலியை 'ஆன்' ஆக்கி, முன்னால் ஒரு தனி 'ஆன்' சேர்த்தால் போதும். 'நூ மான்ஜோன்' என்றால் சாப்பிடுகிறோம். அது 'ஆன் மான்ஜான்' ஆகும். இரண்டு 'ஆன்'களும் மூக்கொலிதான், 'ன்' முழுதாக ஒலிக்காது. விதிவிலக்கு மூன்றே வினைகள்: இரு, உடைமையாகக் கொள், அறி.

முன்னால் நிற்கும் அந்தச் சின்ன 'ஆன்' என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது போலைப் பார்த்தேன்" என்பதற்குப் பிரெஞ்சில் 'ஆன் ஸோர்த்தான்' வேண்டும். வெளியே வந்தது நான். அந்த 'ஆன்' இல்லாமல் வெறும் 'ஸோர்த்தான்' என்று போலின் பெயரை ஒட்டி எழுதினால் வெளியே வந்தவர் போல். அப்போது தமிழும் மாற வேண்டும்: "ஸ்டேஷனை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த போலைப் பார்த்தேன்." நம் இலக்கணத்தில் சொன்னால், 'ஆன்' இருந்தால் வினையெச்சம், இல்லாவிட்டால் பெயரெச்சம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெறும் 'லீவிங்' என்று எழுதிவிட்டால் யார் வெளியே வந்தார் என்று வாசகர் திண்டாடுவார். 'ஆஸ் ஐ வாஸ் லீவிங்' என்று விரித்துத்தான் தீர வேண்டும்.

வினையெச்சம் என்று பிடிபட்டுவிட்டால், எந்த எச்சம் என்பதை முதன்மை வினை சொல்லிவிடும். காலை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் விழுந்தது. ஆகவே "விழுந்து காலை உடைத்துக்கொண்டான்". ஆங்கிலத்தில் 'வென் ஹி ஃபெல்'. முதன்மை வினை எதிர்காலத்தில் இருந்தால் அநேகமாக நிபந்தனை: "எட்டு மணி ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம்." பிரெஞ்சுக்காரர் அங்கேயும் 'ஆன்' போட்டு 'பிடித்து' என்ற மாதிரிதான் சொல்லியிருப்பார். 'கொண்டே' பொருந்துவது, இரண்டு செயலும் உண்மையிலேயே ஒருசேர நீளும்போது மட்டும்: பாடிக்கொண்டே சமைக்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டம்தான். "இல் அ த்ரவெர்ஸே லா ரூ ஆன் கூரான்." ஒவ்வொரு சொல்லாகப் போனால், தெருவைக் கடந்தான், ஓடி. இதை நல்ல ஆங்கிலமாக்க வாக்கியத்தையே கவிழ்க்க வேண்டும்: 'ஹி ரேன் அக்ராஸ் த ஸ்ட்ரீட்.' பிரெஞ்சில் கடந்ததுதான் முதன்மை வினை. ஆங்கிலத்தில் ஓடியது முதன்மை வினையாகி, கடந்தது 'அக்ராஸ்' என்ற சொல்லுக்குள் சுருங்கிவிடுகிறது. தமிழுக்கு இந்தக் குட்டிக்கரணம் தேவையில்லை. "தெருவை ஓடிக் கடந்தான்." ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் வீணாக ஊரைச் சுற்றி வருகிறார்கள்.

எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இரு மொழிக்கும் பொது விதி. 'செய்து' என்னும் எச்சம் செய்தவனின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. 'ஆன்' வடிவத்துக்குப் பிரெஞ்சு ஆசிரியர்கள் சொல்லும் விதியும் இதுவே. ஆனால் அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது: "லாப்பெத்தீ வியான் ஆன் மான்ஜான்." பசி வருகிறது, சாப்பிட்டு. சாப்பிடுவது பசியா? இல்லை, மனிதன். விதி உடைந்தாலும் பழமொழி என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்கி, 'வித் ஈட்டிங்' என்று நழுவிவிடலாம்.

தமிழில் 'சாப்பிட்டுப் பசி வரும்' என்றால் காது ஏற்காது. 'சாப்பிட்டுக்கொண்டே பசி வரும்' அதைவிட மோசம். இங்கே வேறொரு எச்சத்தை எடுக்க வேண்டும். 'செய' என்னும் எச்சத்துக்கு எழுவாய்க் கட்டுப்பாடு கிடையாது. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்பதில் பெய்தது மழை, விளைந்தது நெல். அந்த எச்சத்தை இரட்டித்தால் "சாப்பிடச் சாப்பிடப் பசி வரும்." பிரெஞ்சு தன் விதியை மீறிச் சொன்னதைத் தமிழ் எந்த விதியையும் மீறாமல் சொல்லிவிடுகிறது.