எண்ணுவதா, சொல்லும் விதத்தைப் பார்ப்பதா? நாளிதழ்ச் செய்திகளை ஆராய இரு வழிகள்

"நாளிதழ்களில் ஒரு சமூகச் சிக்கல் எவ்வாறு சித்தரிக்கப்படுகிறது?" என்ற தலைப்பில் ஆய்வேடு எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆய்வு முறை என்று வரும்போது உள்ளடக்கப் பகுப்பாய்வு, கருத்தாடல் பகுப்பாய்வு ஆகிய இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். நேர்காணலில் "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால், "ஒண்ணு எண்ணுறது, இன்னொண்ணு விளக்குறது" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. அது தவறில்லை, ஆனால் போதாது. நம் வட்டாரத்து எடுத்துக்காட்டு ஒன்றை வைத்து இரண்டையும் செய்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டு: 2013, குண்டர் கும்பல் பட்டியல்

2013 ஆகஸ்டு மாத இறுதியில் உள்துறை அமைச்சு, சட்டவிரோதமானவை என 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,313 பேர் உறுப்பினர்கள் என்றும் அவர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றும் அமைச்சு கூறியது. அதே மாதத்தில்தான் போலீசார் 'ஓப்ஸ் சந்தாஸ் காஸ்' என்ற நடவடிக்கையைத் தொடங்கியிருந்தார்கள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி ஊரே ஒரு எண்ணை வைத்துப் பேசிய காலம் அது. ஆகவே அந்தச் செய்திகள் எப்படி எழுதப்பட்டன என்பது ஆராயத் தகுந்த கேள்வி.

முதல் வழி: உள்ளடக்கப் பகுப்பாய்வு

வெளிப்படையாகத் தெரியும் உள்ளடக்கத்தைப் புறவயமாகவும் முறையாகவும் எண்ணிக்கையாகவும் விவரிப்பதே இந்த முறை என்று பெர்னார்டு பெரல்சன் 1952-இல் வரையறுத்தார். நடைமுறையில் இதற்கு மூன்று முடிவுகள் தேவை: எந்த நாள்களின் இதழ்கள், எதை ஓர் அலகாக எடுப்பது, எதையெல்லாம் எண்ணுவது.

நாள்களைத் தேர்ந்தெடுக்கும்போது தொடர்ச்சியாக ஒரு வாரத்தை எடுத்துவிடாதீர்கள். பட்டியல் வெளிவந்த வாரம் முழுக்க அதே பேச்சாகத்தான் இருக்கும். ஓர் ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, செவ்வாய்க்கு ஒன்று, புதனுக்கு ஒன்று என ஏழு நாள் சேர்ப்பார்கள். இதற்குக் கட்டமைத்த வாரம் என்று பெயர். ஒரு நாளேட்டின் ஓராண்டுக்கு இப்படி இரண்டு வாரங்கள் போதும் என்று 1993-இல் ரிஃப், ஆஸ்ட், லேசி மூவரும் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் உங்கள் கேள்வியே பட்டியலைப் பற்றியதென்றால், அது வெளிவருவதற்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் முழுமையாக எடுத்து ஒப்பிடுவது பொருத்தம்.

அடுத்தது எண்ணுவது. இங்கேதான் தமிழ் நம்மைச் சோதிக்கும். "இந்தியர்" என்று தேடினால் "இந்தியர்களுக்கு", "இந்தியர்களிடையே" கிடைக்கும். ஆனால் "இந்திய இளைஞர்" தப்பிவிடும். "இந்திய" என்று தேடினால் இந்தியா என்ற நாட்டுச் செய்தியும் சேர்ந்து வரும். "நம்மவர்", "நம் இனப் பிள்ளைகள்" என்று எழுதியிருந்தால் இரண்டு தேடலிலும் சிக்காது. இனத்தின் பெயரே இல்லாமல், பிரிக்பீல்ட்ஸ் என்ற இடப்பெயரும் ஓர் இளைஞரின் பெயரும் மட்டும் இருந்தாலும் வாசகருக்கு விஷயம் புரிந்துவிடும். இவற்றில் எதை எண்ணுவது, எதை விடுவது என்று குறியீட்டு ஏட்டில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

பிறகு, ஒருவர் மட்டும் எண்ணினால் நம்ப முடியாது. இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும். பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 50 செய்திகள். கேள்வி, "வறுமை, வேலையின்மை போன்ற சமூகக் காரணம் சொல்லப்பட்டுள்ளதா?" இருவரும் ஆம் என்றவை 20, இருவரும் இல்லை என்றவை 15. முதலாமவர் மட்டும் ஆம் என்றவை 10, இரண்டாமவர் மட்டும் ஆம் என்றவை 5. அப்படியென்றால் 50-இல் 35 ஒத்துப்போகின்றன, அதாவது 0.70.

பார்க்க நல்ல எண்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஓரளவு ஒத்துப்போகும் அல்லவா? முதலாமவர் 50-இல் 30 முறை (0.6) ஆம் என்றார், இரண்டாமவர் 25 முறை (0.5). தற்செயலாக இருவரும் ஆம் என்பதற்கு 0.6 × 0.5 = 0.30, இருவரும் இல்லை என்பதற்கு 0.4 × 0.5 = 0.20. கூட்டினால் 0.50. கோஹனின் கப்பா என்ற அளவை இந்தத் தற்செயலைக் கழித்துவிடும்:

```
(0.70 - 0.50) / (1 - 0.50) = 0.40
```

0.70 என்று பெருமையாகச் சொன்னது 0.40 ஆகிவிட்டது. இந்தத் துறையின் முக்கிய ஆய்வாளர் கிளாஸ் கிரிப்பெண்டோர்ஃப், தம்முடைய ஆல்ஃபா என்ற இதேபோன்ற அளவைக்கு 0.80 வேண்டும், குறைந்தது 0.667-ஆவது இருந்தால் தற்காலிக முடிவு மட்டும் சொல்லலாம் என்கிறார். கப்பாவுக்கும் பலர் இந்த எல்லைகளையே கொள்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் 0.40 தேறாது. அப்போது ஆளை மாற்றாதீர்கள், விதியைத் திருத்துங்கள். "வாய்ப்பில்லாமல் வழி தவறிய இளைஞர்" என்பதை ஒருவர் சமூகக் காரணமாகவும் மற்றவர் தனிமனிதக் குறையாகவும் எடுத்திருக்கலாம். "வாய்ப்பு, வேலை, வருமானம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு சொல் இருந்தால் ஆம்" என்று விதியைத் தெளிவாக்கி, புதிய செய்திகளில் மறுபடி சோதிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தால், எத்தனை செய்திகளில் இனம் குறிப்பிடப்பட்டது, யாருடைய கருத்து இடம்பெற்றது, பட்டியலுக்குப் பின் எது கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் அந்தச் செய்திகள் வாசகரை எங்கே நிறுத்தின என்று சொல்ல முடியாது.

இரண்டாம் வழி: கருத்தாடல் பகுப்பாய்வு

சொல்லாடல் பகுப்பாய்வு என்றும் இதைச் சிலர் எழுதுவார்கள். நார்மன் ஃபேர்கிளஃப் இதை மூன்று அடுக்காகப் பார்க்கச் சொல்கிறார்: எழுதப்பட்ட பனுவல், அது உருவாகி வாசிக்கப்படும் நடைமுறை, அதைச் சூழ்ந்த சமூகம். பனுவலிலிருந்து தொடங்குவோம். பின்வரும் வாக்கியங்கள் பயிற்சிக்காக எழுதப்பட்டவை, எந்த நாளிதழிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல.

"போலீசார் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றனர்."
"இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்."
"துப்பாக்கிச் சூட்டில் இளைஞர்கள் பலி."

எண்ணும் முறையில் மூன்றும் ஒரே கட்டத்தில் விழும். ஆனால் முதல் வாக்கியத்தில் சுட்டவர் இருக்கிறார். இரண்டாவதில் அவர் மறைந்தார், செயல் மட்டும் மிஞ்சியது. மூன்றாவதில் கொல்வது என்ற வினையே போய், விபத்துச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. அதற்காகச் செயப்பாட்டு வினையைக் கண்டதும் "நாளிதழ் மூடி மறைக்கிறது" என்று முடிவு கட்டக்கூடாது. தலைப்புக்கு இடம் குறைவு, "பலி" என்பது வழக்கமான தலைப்புச் சொல். அதே இதழ் இளைஞர்கள் செய்த குற்றங்களை "வெட்டினர்", "கொள்ளையடித்தனர்" என்று செய்தவரோடு எழுதி, மற்றத் தரப்பின் செயலை மட்டும் தொடர்ந்து ஆளில்லாமல் எழுதினால்தான் அது கண்டுபிடிப்பு.

தமிழ் நாளேடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் "நம்". "நம் பிள்ளைகள் சிலர் தடம் மாறுகிறார்கள், அவர்களால் நமக்குத் தலைகுனிவு" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். முதல் "நம்" அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது "நமக்கு" அவர்களை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரே வாக்கியத்துக்குள் ஒரு சமூகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எண்ணினால் "நம்" இரண்டு முறை, அவ்வளவுதான்.

உருவகமும் அப்படித்தான். 'சந்தாஸ்' என்ற மலாய்ச் சொல்லுக்குக் கிளைகளை வெட்டிவிடுதல், கவாத்து செய்தல் என்று பொருள். பெயரிலேயே ஒரு பார்வை இருக்கிறது: கும்பல் என்பது வளர்ந்துவிட்ட கிளை, வெட்டினால் சரியாகும். செய்தி அந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு "களையெடுப்பு", "வேரறுப்பு" என்று தொடர்ந்தால், மண் எப்படி இருக்கிறது என்ற கேள்வி எழவே இடமில்லை.

கடைசியாக 71 விழுக்காடு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர் ஏறக்குறைய 19 இலட்சம். அமைச்சின் எண்ணை அப்படியே ஏற்றாலும், 40,313-இல் 71 விழுக்காடு என்பது 28 ஆயிரத்துக்குச் சற்று மேல். அது இந்தியர்களில் 100-க்கு ஒன்றரைப் பேர். "கும்பல் உறுப்பினர் நூற்றில் 71 பேர் இந்தியர்" என்பதும் "இந்தியர் நூற்றில் 98 பேர் எந்தக் கும்பலிலும் இல்லை" என்பதும் ஒரே தரவு. எதை எழுதினார்கள், எதை எழுதவேயில்லை என்று பார்ப்பது கருத்தாடல் பகுப்பாய்வின் வேலை. எழுதாததை எண்ண முடியாது.

இந்த முறையின் பெரிய ஆபத்து, நமக்குப் பிடித்த செய்திகளை மட்டும் பொறுக்கிக்கொள்வது. தேர்வாளர் முதலில் கேட்பதும் இதைத்தான்: "ஏன் இந்த ஐந்து செய்தி?" அதற்குப் பதில் இல்லையென்றால் விளக்கம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் நிற்காது.

எதை எடுப்பது?

உங்கள் கேள்வி "எவ்வளவு, எத்தனை முறை, எது கூடியது" என்றால் உள்ளடக்கப் பகுப்பாய்வு. "எப்படி, யார் மறைந்தார், வாசகர் எந்தப் பக்கம் நிறுத்தப்பட்டார்" என்றால் கருத்தாடல் பகுப்பாய்வு. இரண்டையும் செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் இரண்டு மாதச் செய்திகளையும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையில் வழக்கமான வகையைச் சேர்ந்த மூன்று செய்திகளையும், அதற்கு மாறான இரண்டையும் எடுத்து வரிவரியாக ஆராயுங்கள். இப்போது "ஏன் இந்த ஐந்து?" என்ற கேள்விக்கு உங்கள் அட்டவணையே பதில். மாறான இரண்டும் உங்கள் முடிவை உடைத்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பழைய இதழ்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் முதலில் விசாரியுங்கள். தலைப்பை மட்டும் படமெடுக்காமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள். செய்தி எந்தப் பக்கத்தில், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் வந்தது என்பது இரண்டு முறைக்கும் பிறகு தேவைப்படும்.